இருநூற்று முப்பத்தாறு நாள்

தி.நகரில் எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. பம்புசெட் விற்பது தொழில். நான் பணியாளர் பிரிவின் சூப்பிரண்டு. ஆளை எடுப்பது, லீவு கொடுப்பது, மெமோ கொடுப்பது, வெளியே அனுப்புவது எல்லாம் என் மேஜை வழியாகத்தான். சட்டப் புத்தகத்தைப் பொழுதுபோக்குக்காகப் படிக்கிற ஆட்கள் ஊரில் சிலர் உண்டு. நான் அதில் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில் அந்த நாளில் எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு டைப்பிஸ்ட் வந்தாள். சாந்தோமில் மாதா கோயில் தெருக்காரி, இருபத்திரண்டு வயது. அப்பாவுக்குப் பக்கவாதம். தம்பி தங்கை இருவர் பள்ளிக்கூடத்தில். வேலையில் எடுத்தபோது மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஓய், இவ டெம்ப்ரவரி. டெம்ப்ரவரியாவே இருக்கணும். அதுக்கு என்ன வழியோ பண்ணும்."

வழி என் கைவசம் இருந்தது. பன்னிரண்டு மாதத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவரை, ஒரு மாத நோட்டீசும் நஷ்ட ஈடும் கொடுக்காமல் அனுப்ப முடியாது என்கிறது சட்டம். நடுவில் ஒரு நாள் 'பிரேக்' கொடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று மற்ற கம்பெனிகளில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது மூடநம்பிக்கை. சட்டம் எண்ணுவது வேலை பார்த்த நாளை. பிரேக் எத்தனை என்று அது கேட்பதில்லை.

ஆகவே நான் நாளையே எண்ணினேன். ஒரு திங்கட்கிழமை தொடங்கி பத்தாம் வாரத்து வெள்ளிக்கிழமையோடு முடிகிற வேலை நியமன ஆர்டர். ஞாயிறு போக ஐம்பத்தொன்பது நாள். பிறகு மூன்று வாரம் வீட்டில். பிறகு புதிய ஆர்டர். ஆண்டுக்கு நான்கு ஆர்டர், இருநூற்று முப்பத்தாறு நாள். சம்பளத்தோடு விட்ட பண்டிகை நாட்களையும் சேர்த்தே எண்ணினேன், பிற்பாடு யாரும் குறை சொல்லக்கூடாது என்று.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது.

இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்கு அவள் அப்ளிகேஷன் வாங்கி வந்திருந்தாள். மானேஜர் பார்த்துவிட்டார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? இங்கேயே நிரந்தரமாயிடும். சூப்பிரண்டு கிட்டே கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்தேன். அப்ளிகேஷன் போகவில்லை. பரீட்சைக்கான வயது வரம்பும் தாண்டிப் போயிற்று.

எட்டாம் வருஷம் அவள் ஒரு கடிதம் கொடுத்தாள். ஆறே வரி, ஒரு பிழை இல்லை. தன்னை நிரந்தரமாக்கும்படி கேட்டிருந்தாள். மானேஜர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"எழுத்துல கேக்கறாளா? யாரு சொல்லிக் குடுத்தா?"

நடப்பு ஆர்டர் வெள்ளியோடு முடிந்தது. மூன்று வாரம் கழித்து ஆர்டர் இல்லை. அவள் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். "மேலே கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு யூனியன் ஆசாமி அவளுக்காக மனு போட்டார். லேபர் ஆபீசர் முன்னால் மூன்று வாய்தா. சமரசம் இல்லை என்று அவர் அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினார், அரசாங்கம் லேபர் கோர்ட்டுக்கு அனுப்பியது. அதற்கே ஒரு வருஷம் போயிற்று. கெடு தீர்ந்து தானாகப் போன வேலை, நாங்கள் யாரையும் நீக்கவில்லை என்பது எங்கள் வக்கீலின் முதல் வாதம். அது நிற்கவில்லை. ஆர்டரிலேயே முடிவுத் தேதி போட்டிருந்தாலும் அது ஆட்குறைப்புதான் என்று சுப்ரீம் கோர்ட்டு அப்போதுதான் சொல்லியிருந்தது.

"போனாப் போறது. நாள் இருக்கே" என்றார் வக்கீல்.

நாள் இருந்தது. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் அவள் வேலை பார்த்தது சரியாக இருநூற்று முப்பத்தாறு நாள் என்று எங்கள் பதில் மனுவிலேயே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை நிரூபிக்கச் சாட்சிக் கூண்டில் ஏறியதும் நான்தான்.

யூனியன்காரர் நாலு தாளை என் கையில் கொடுத்தார். அவளுடைய கடைசி நாலு ஆர்டர்கள்.

"சார், இதுல கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாம்."

"கீழ இடது பக்கம் சாய்வா ஒரு கோடு கீது. கோட்டுக்கு அந்தாண்ட ரெண்டு எழுத்து கீது. அது இன்னா சார்?"

அது டைப் அடித்தவரின் இனிஷியல். கடிதங்களில் தப்பு வந்தால் எழுதிக் கொடுத்தவரும் அடித்தவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக, இருவர் இனிஷியலும் போட வேண்டும், அடித்த நாளையே தேதியாகப் போட வேண்டும் என்று நானே ஒரு சர்க்குலர் விட்டிருந்தேன். அதையும் அவர் கோர்ட்டில் தாக்கல் செய்திருந்தார்.

நாலு ஆர்டரும் பிரேக்கின் கடைசிச் சனிக்கிழமை தேதியில் இருந்தன. எங்களிடம் வேறு டைப்பிஸ்ட் கிடையாது. அதனால் அந்தச் சனிக்கிழமைகளில் பியூனை சாந்தோமுக்கு அனுப்பி, "உன் ஆர்டரை நீயே வந்து அடிச்சுக்கோம்மா" என்று அவளை வரவழைப்பேன். வந்தவள், மூன்று வாரமாகச் சேர்ந்திருந்த கடிதங்களையும் சாயங்காலம் வரை உட்கார்ந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். இருநூற்று முப்பத்தாறு நாளையும் எண்ணிய மூளைக்கு, அந்த நாலு நாள் தோன்றவேயில்லை.

"அந்தம்மா எழுத்துதானே சார்? சும்மா சொல்லுங்க."

பொய் சொல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சர்க்குலர் என்னுடையது.

"ஆமாம்" என்றேன்.

"இருநூத்தி முப்பத்தாறும் நாலும் எத்தினி சார்?"

நீதிபதி, "அது எனக்குத் தெரியும்" என்றார்.

நோட்டீசும் நஷ்ட ஈடும் இல்லாமல் நீக்கியது செல்லாது, இடைக்காலச் சம்பள பாக்கியோடு வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவள் ஒரு திங்கட்கிழமை வந்தாள். வெள்ளைப் புடவை. அப்பா அந்த இடைவெளியில் இறந்துவிட்டிருந்தார். கூடவே வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள், எனக்கும். இனி நிரந்தரம் என்று பியூனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நிரந்தரம் என்ற சொல் அந்தச் சட்டப் பிரிவில் இல்லை. ஒருவரை எப்படி அனுப்பக்கூடாது என்று சொல்கிற சட்டம், எப்படி அனுப்பலாம் என்றும் அதே வரியில் சொல்லிவிடுகிறது. மானேஜருக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்தது.

"அப்போ போன தடவை தப்பு பண்ணிட்டோம்ங்கறீர்?"

"ஆமாம் சார்."

"இந்தத் தடவை பண்ணாதேயும்."

கேஸ் நடந்த நாளில் செய்தது போலவே டைப் வேலையை லஸ் முனையில் ஒரு டைப்பிங் நிலையத்துக்குக் கொடுப்பது, டைப்பிஸ்ட் பதவியே இனி இல்லை என்று தீர்மானம் போடுவது என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பதவியில் இருந்தது அவள் ஒருத்திதான், ஆகவே கடைசியில் வந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்கிற ஜூனியர் சீனியர் தகராறுக்கும் இடமில்லை. ஒரு மாத நோட்டீஸ், காரணம், எல்லா வருஷத்துக்கும் சேர்த்து நஷ்ட ஈடு, அரசாங்கத்துக்குத் தகவல். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கையாலேயே எழுதி, லஸ்ஸுக்கு அனுப்பி அடித்து வாங்கினேன்.

அவள் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. என் மேஜைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள், இந்த முறை விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டு, ஏதோ தேடுகிறவள் போல.

"இதுல தப்பு எதுனா இருக்குதா சார்?"

"இல்லம்மா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

பிறகு, "நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். இடத்தைக் காட்டினேன்.