பதினொன்று இருபதுக்குப் பிறகு

வெள்ளவத்தையில் கேமராக்காரன் ஷிப்லியைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாண வீடியோவில் தொடங்கி, கட்டடம் வளர்வதைப் படமாக்குகிற வேலைக்கு வந்து சேர்ந்தவர். காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு அடி வைத்து ஒரு படம், இன்னொரு அடி வைத்து இன்னொரு படம் என்று கொள்ளுப்பிட்டி வரை நடந்தே ஹைப்பர்லாப்ஸ் எடுத்த மனுஷன். பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். சோற்றில் உப்புக் குறைந்தால் பேசாமல் சாப்பிடுவார்; படத்தில் வெளிச்சம் விட்டு விட்டு மின்னினால் மட்டும் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த மின்னலுக்குத் தொழிலில் ஃப்ளிக்கர் என்று பெயர்.

கடலோரத்தில் எழும்பிய பதினெட்டு மாடிக்கு அவர்தான் டைம்லாப்ஸ்; மாதக்கணக்கான வேலையை நிமிடங்களில் ஓட்டிக் காட்டும் படம். எதிர்க் கட்டட மொட்டைமாடியில் மழை புகாத பெட்டிக்குள் கேமரா. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம். பதினாறு மாத வேலை. எல்லாப் படத்தையும் செக்கனுக்கு இருபத்தைந்தாக ஓட்டினால் இருபத்து மூன்று நிமிடம் ஓடும். கட்டடம் கட்டுகிற கம்பெனி கேட்டதோ மூன்றே நிமிடம். ஆக, நாளுக்கு ஒன்பது பத்துப் படம் போதும். பிறகு எதற்கு இத்தனை? பொறுக்கி எடுக்கத்தான். கேமராவைத் தானாக வெளிச்சம் பார்க்க விட்டால் மேகம் போகப் போக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்குப் போடும், மின்னும். அதனால் கேமராவின் வெளிச்ச அளவைக் கையால் ஒரே நிலையில் பூட்டிவிட்டு, ஒரே மாதிரி வெயில் அடித்த படங்களை மட்டும் எடுத்து அடுக்குவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தால் அதுதான் வேலை. இருண்ட படங்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அழித்துவிட்டு, மெமரி கார்டையும் துடைத்துத் திரும்பக் கேமராவில் போட்டுவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணியளவில் ஒன்பதாம் மாடியிலிருந்து புஷ்பராஜ் என்ற தொழிலாளி விழுந்து செத்துப்போனான். ஷிப்லிக்கும் செய்தி எட்டியது. சாவுக்குச் சொல்லும் இன்னாலில்லாஹி சொன்னார், மனம் கஷ்டப்பட்டது, வெள்ளிக்கிழமை வழக்கம்போல உட்கார்ந்து பொறுக்கினார். அன்றைக்கு நண்பகலிலிருந்து வானம் கறுத்து மழை. அவ்வளவு படமும் போயிற்று.

மூன்று கிழமை கழித்து புஷ்பராஜின் மனைவி நிஷாந்தி கொட்டாஞ்சேனையிலிருந்து தேடிக்கொண்டு வந்தாள்.

"நானா, மத்தியானமே பாதுகாப்பு வலை கட்டியாச்சு, இவருதான் அதத் தாண்டி ஏறுனாருன்னு கம்பெனில சொல்றாங்க. கூட வேல செஞ்சவரு சொல்றாரு, ஆளத் தூக்கிட்டுப் போன பொறகுதான் வலையே கட்டுனாங்களாம். ஆனா அவரு விசாரணைக்கு வரமாட்டாரு, வேல போயிரும். உங்க கேமரா எல்லாத்தையும் பாத்திருக்குமே?"

ஷிப்லி அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்தச் செவ்வாயில் மிஞ்சியிருந்த கடைசிப் படம் பதினொன்று இருபது. நல்ல வெயில். ஒன்பதாம் மாடி ஓரத்தில் வலை இல்லை. அடுத்த படம் மறுநாள் காலை ஏழு நாற்பது. வலை தொங்கியது. நடுவில் ஒன்றுமில்லை. கேமராவிலிருந்து கார்டை எடுத்து வந்து, அழித்ததை மீட்கிற புரோகிராம்களையெல்லாம் போட்டுப் பார்த்தார். கார்டில் பழையதன் மேல் மூன்று கிழமைப் புதுப் படம் ஏறியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றிருந்த சாட்சியை இருபது மணி நேர ஓட்டையாக்கியது கம்பெனியல்ல, அவர்தான்.

விசாரணைக்குப் போனார், அந்த மட்டில் நேர்மையான மனுஷன். இரண்டு படத்தையும் மேசையில் வைத்தார். அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம்?

"இருவது மணித்தியாலம், இருவது நிமிஷம்," என்று ஷிப்லியும் சிங்களத்திலேயே சொன்னார்.

அப்படியானால் மத்தியானம் பன்னிரண்டுக்கு வலை கட்டியிருக்கலாம்தானே என்றார் அதிகாரி. கட்டியிருக்கலாம் என்று தலையாட்டுவதைத் தவிர ஷிப்லிக்கு வழியில்லை. கம்பெனி ஆள் ஃபைலை மூடினான். விழுந்த நேரத்தில் வலை இல்லை என்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதப்பட்டது. பிழை செத்தவன் தலையில் விழுந்தது.

வெளியே விறாந்தையில் நிஷாந்தி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்த நேரத்துப் படத்த ஏன் நானா அழிச்சீங்க?"

"வெளிச்சம் சரியில்ல தங்கச்சி. போட்டா படம் மின்னும்."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவருக்கும், சொல்லும்போது, விளங்கவில்லை.

"அதுல அவரு நின்னுக்கிட்டிருந்தாரா? விழுறதுக்கு முன்னாடி?"

பொய் சொல்லலாம். ஓம், நின்றார், நல்லா இருந்தார் என்று சொன்னால் அவளுக்கு ஒரு ஆறுதல். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியா தங்கச்சி," என்றார். "நான் பாக்காமத்தான் அழிச்சேன்."