வெறும் மண் தெரியும்வரை கூட்டிய கோடு

பாஸ்கலுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபத்து மூன்று வருடம் மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டுக்கு நெருப்பு வைத்துச் சம்பளம் வாங்கியவர். மலேசியாவில், ஈப்போவின் புந்தோங்கில் அவர் வளர்ந்த தெருவில் இன்றும் யாரும் இதை நம்புவதில்லை.

அங்கே நெருப்புக்குப் பழகிய காடுகள் உண்டு. சில பாங்சியா மரங்களின் காய்கள் வருடக்கணக்கில் இறுக மூடியே கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் வாய் பிளந்து விதை விழும். வெகுநாள் எரியாமல் விட்டாலோ சருகு சேர்ந்து, கோடையில் பற்றும் தீ மர உச்சிக்கு ஏறிவிடும். அதனால் காற்றும் ஈரமும் தோதாக இருக்கும் நாள் பார்த்து, பாஸ்கலின் ஆட்கள் சிறு தீயாக வைப்பார்கள். அதற்கு முன் எல்லையில் சருகையெல்லாம் கூட்டி, வெறும் மண் தெரியும்படி ஒரு கோடு. எரிய ஒன்றும் இல்லாமல் தீ அங்கே வந்து அடங்கும்.

இதையெல்லாம் அவர் தொலைபேசியில் தங்கை ஹில்டாவின் கணவர் நைஜலிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தூரத்தில் இருப்பவருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது?

பிப்ரவரியில் விடுமுறைக்கு வந்தவர் ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து, தெலுக் இந்தானுக்கு வெளியே ஹில்டாவின் மூன்று ஏக்கருக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. இறங்கும்போதே புகை வாசம். தூக்கம் இல்லாத கண் எரிந்தது.

"மச்சான், நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு பாத்தேன்லா," என்றார் நைஜல். வெட்டிப்போட்ட பழைய செம்பனை மட்டைகளை முந்தின நாள் சாயங்காலம் கொளுத்தியிருந்தார். "நீங்க சொன்ன மாதிரியேதான். காத்து பாத்தேன். சுத்தி மண்ணு தெரியக் கூட்டினேன். ஆனா கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்படிப் பொகையுதுன்னுதான் தெரியல."

பாஸ்கல் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்தார். சூடு. ஒரு குச்சியைக் குத்தினார். முழங்கை ஆழம் இறங்கியது. இழுத்ததும் ஓட்டையிலிருந்து புகை வந்தது.

"நைஜல், இது காம்பூட்."

"அது தெரியும்."

"மண்ணே இல்லைப்பா. மக்கின வேரும் இலையும்தான் இவ்வளவு ஆழத்துக்கு. அங்க நான் கூட்டினா அடியில மணலு. இங்க நீ கூட்டினது விறகு மேல."

அவர் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. இத்தனை முறை சொன்னவர், எந்த மண்ணில் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

தீயணைப்புப் படையான பொம்பாவின் வண்டி வந்தது. திறந்த வெளியில் எரித்ததற்காக நைஜலுக்கு வசவும் விழுந்தது. மேலே தண்ணீர் அடித்தார்கள். சிறிது தள்ளி வேறொரு இடத்தில் புகைந்தது. ஹில்டாவின் வீடு நாற்பதடி தூரத்தில் இருந்தது.

"பாரிட்ட அடைக்கணும்," என்றார் பாஸ்கல். பாரிட் என்பது நிலத்து நீரை ஆற்றுக்கு வடிக்கும் வாய்க்கால். அதை மண் மூட்டை போட்டு அடைத்து, பெரிய வாய்க்காலிலிருந்து தண்ணீரை உள்ளே இறைக்க வேண்டும். தரைக்கடியில் நீர் ஏறினால்தான் இது சாகும்.

ஹில்டா நிலத்தில் நின்ற மரவள்ளியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் பிடுங்க வேண்டிய கிழங்கு. வருடம் முழுக்க அவள் ஒருத்தி பார்த்தது.

"எல்லாம் அழுகிப் போயிருமே அண்ணே."

"போயிரும்."

"வேற வழியே இல்லையா? பெரிய ஃபயர் எக்ஸ்பர்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"தெரிஞ்சதாலதான் சொல்றேன்மா."

 அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மூட்டை எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள் நைஜலிடம்.

அடைத்தார்கள். பொம்பா ஆட்கள் பம்பு வைத்தார்கள். தண்ணீர் ஏற ஏற மூவரும் முட்டியளவு கறுப்புத் தண்ணீரில் நின்று, விரல் பருமன் கிழங்கைப் பிடுங்கினார்கள். பாதிதான் முடிந்தது. பாஸ்கல் விமானச் சீட்டைத் தள்ளிப் போட்டார். தினமும் விடிந்ததும் தரையில் புறங்கை வைப்பதே வேலையாயிற்று. இருமல் நிற்கவில்லை.

பதினோராம் நாள் எங்குமே சூடில்லை. வேர் வெந்த இரண்டு மரங்கள் வரப்பில் சாய்ந்து கிடந்தன. வீட்டுக்குள் டிவி அலமாரியின் மேல், போன முறை அவர் கொண்டுவந்த பாங்சியாக் காய், வாய் பிளந்தபடி இருந்தது. ஹில்டா அதைத் துடைத்து வைத்தாள்.

"அங்க எரிஞ்சா இது மொளைக்கும், இல்லண்ணே?"

"ம்."

"இங்க?"

பாஸ்கல் வாசல் வழியே, தண்ணீருக்குள் நின்ற மரவள்ளித் தண்டுகளைப் பார்த்தார்.

"இங்க எதுவும் நெருப்புக்காகக் காத்துக்கிட்டு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, மூட்டைகள் கசிகின்றனவா என்று பார்க்க எழுந்து போனார்.