எட்டு செக்கன் மௌனம்

ஹட்டன் பெரிய வீதியில் நஸாரின் வீடியோ ஸ்டூடியோ ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே போய் "வினோதா இருக்காங்களா?" என்று கேட்பவர்கள் படம் எடுக்க வந்தவர்கள் இல்லை, குரல் தேடி வந்தவர்கள். கலியாணமோ பூப்புனித நீராட்டு விழாவோ பள்ளிக்கூட நூற்றாண்டோ, இந்தப் பக்கத்து வீடியோவில் பின்னணி பேச வேண்டுமென்றால் அவள்தான். அது அவளுக்கும் நன்றாகவே தெரியும். தன் தொழிலைப் பற்றிக் கேட்டால், "நம்ம குரலுக்கு இங்க யாரு இருக்கா?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள். அடக்கம் என்ற சாமான் அவளிடம் கொஞ்சம் குறைவுதான். இருக்கட்டுமே, தகுதி உள்ளவள் சொன்னால் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். உயர்தரம் முடித்துவிட்டு பார்மசி ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கோயில் திருவிழாவில் மைக் பிடித்தாள். ஒருநாள் காணாமல் போன பிள்ளையைப் பற்றி அவள் அறிவித்த விதத்தில், பிள்ளையின் சட்டை நிறம் வரை கூட்டத்தின் மனதில் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடத்தில் பிள்ளை கிடைத்துவிட்டது. அங்கே கமராவோடு நின்ற நஸார் மறுநாளே பார்மசி வாசலுக்கு வந்துவிட்டார். அதிலிருந்து அவள் அவரை நஸார் நானா என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். பின்னணிப் பேச்சை எழுதுவதும் அவளே, வாசிப்பதும் அவளே.

போன வருடம் வந்ததுதான் அவள் வாழ்க்கையின் பெரிய வேலை. அவள் பிறந்த அதே தோட்டத்துத் தேயிலை ஆலையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு பார்வையாளர் மண்டபம் கட்டியிருந்தார்கள். அதில் ஓட நாலு நிமிடப் படம் ஒன்றை கொழும்பிலிருந்து விஜிதரன் என்ற தயாரிப்பாளர் எடுத்திருந்தார். ஒரே படம், மூன்று மொழிக் குரல். ஆங்கிலமும் சிங்களமும் முடிந்துவிட்டன. தமிழ் மட்டும் பாக்கி. மொழிபெயர்த்த பிரதி ஈமெயிலில் வந்தது.

வினோதா அதை ஒரு முறை சத்தம்போட்டு வாசித்தாள். வாசித்து முடித்ததும் போனை எடுத்தாள்.

"சார், இது உள்ளுக்குப் போகாது. கூடுதலா இருக்கு."

"எப்படி மிஸ்?" விஜிதரன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இங்கிலீஷ் நானூத்தி முப்பது சொல். தமிழ் முந்நூத்தி இருபத்தஞ்சுதான். குறைவாத்தானே இருக்கு?"

"தமிழ்ச் சொல்லு நீளம் சார். இங்கிலீஷ்ல நாலு சொல்லுல சொல்றத நாம ஒண்ணா ஒட்டிருவோம். எண்ணிக்கை கொறையும், நேரம் கொறையாது. நான் ஆறுதலா வாசிச்சா நிமிசத்துக்குத் தொண்ணூறு சொல்லுதான் போகும். அதுலயும் இசைக்கும் மூச்சுக்கும் எடம் விடணும்."

அவர் கணக்கிலும் குற்றம் சொல்ல முடியாது. கொழும்பில் எல்லாரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அவருக்கு நாள் நெருக்கிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வேகமா வாசிங்களேன். சரிவராட்டி இங்கிலீஷையே ஓடவிட்டு, தமிழைக் கீழ எழுத்தாப் போடுவம்" என்றார்.

அந்த இடத்தில்தான் வினோதாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தி அவளுடைய அம்மா காளியாயி. காளியாயிக்கு எழுத்து வராது. அவளோடு நிற்கும் மற்றவர்களில் பாதிப்பேருக்கும் வராது. தங்கள் கையையும் முகத்தையும் திரையில் காட்டிவிட்டு, அதைப் பற்றிய பேச்சை மட்டும் அவர்கள் படிக்க முடியாத எழுத்தாய்ப் போடுவதா? "சார், ரெண்டு நாள் தாங்க. நாலு நிமிசத்துக்குள்ள கொண்டாந்து காட்டுறேன்" என்றாள்.

முதல் வேலையாக எண்களைப் பிடித்தாள். "1884" என்று பிரதியில் ஒரே சொல்லாக நிற்கும். வாயில் வந்தால் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கு. உயரம், பரப்பு, ஆண்டு என்று இப்படி ஏழெட்டு இடம். எல்லாவற்றையும் எழுத்தில் விரித்து எண்ணிப் பார்த்தால் பிரதி முந்நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. பிறகு படத்தை ஓடவிட்டாள். தொடக்கத்தில் பத்து செக்கன் இசை, கடைசியில் பத்து செக்கன் கம்பனிச் சின்னம். மிச்சம் மூன்று நிமிடம் நாற்பது செக்கன். காட்சி மாறும் இடத்திலும் இயந்திரச் சத்தம் கேட்க வேண்டிய இடத்திலும் மூச்சுவிட நாற்பது செக்கன் ஒதுக்கினாள். பேசுவதற்குச் சரியாக மூன்று நிமிடம், அதாவது இருநூற்று எழுபது சொல். எழுபது சொல் வெளியே போக வேண்டும்.

முதல் நாள் அவள் செய்த காரியம் அவளுக்கே பிற்பாடு வெட்கம். பிரதியில் கை வைக்க மனம் வராமல், மூச்சுக்கு ஒதுக்கிய இடங்களையெல்லாம் தின்றுவிட்டு வாசித்துப் பதிந்தாள். நேரம் அச்சொட்டாக வந்தது. வெற்றிக் களையோடு நஸாரைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்தாள்.

நஸார் கண்ணை மூடிக் கேட்டார். "நேரம் சரிதான் தங்கச்சி" என்றார். "ஆனா பஸ் கொண்டக்டர் எடம் சொல்ற மாதிரி இருக்கு. எனக்கே மூச்சு வாங்குது."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுபடி தானே கேட்டுப் பார்த்தாள். கோபம் இறங்கிவிட்டது. நஸார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அப்புறம் உட்கார்ந்தாள் பாருங்கள், ஒரு பிடியாக. கண் பார்ப்பதை வாய் எதற்குச் சொல்ல வேண்டும்? "இங்கே பெண்கள் கூடைகளைச் சுமந்தபடி மலையேறுவதைக் காண்கிறீர்கள்" என்ற வரி அடியோடு போயிற்று. "உலகப் புகழ்பெற்ற", "ஈடு இணையற்ற" எல்லாம் உதிர்ந்தன. இரண்டு தரம் வந்த கடல்மட்ட உயரம் ஒரு தரமாயிற்று. "உலர்த்தும் செயன்முறைக்கு உட்படுத்தப்படுகின்றது" என்பது "உலர்த்துகிறார்கள்" ஆயிற்று. நிறுத்தும் இடங்களில் கோடு போட்டாள், சின்ன மூச்சுக்கு ஒன்று, காட்சி மாற்றத்துக்கு இரண்டு. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சத்தம்போட்டு வாசித்துத்தான் நேரம் பார்த்தாள். மனதுக்குள் வாசித்தால் நேரம் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். பின்னேரம் தகரக் கூரையில் மழை இறங்கியதால் பதிவு நின்றுபோனது. அதற்குள் பிரதி இருநூற்று எழுபதுக்கு வந்திருந்தது.

அப்போதுதான் அவள் முகங்கள் மட்டும் வரும் ஒரு காட்சியில் நின்றாள்.

ஐந்து பெண்களின் முகம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, கடைசி முகம் காளியாயி. மூன்று மொழியிலும் அந்த இடத்தில் பேச்சு ஓடுகிறது. லயத்தில் கலியாண வீடியோ போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரிந்த முகம் திரையில் வந்தால் நம்மவர்கள் வாய் மூடி இருக்கமாட்டார்கள். "ஏய், நம்ம தனுஜா!" என்று கூவாமல் விடமாட்டார்கள். அந்த நேரத்தில் பின்னணியில் யார் என்ன பேசினாலும் காற்றோடு போகும். இத்தனை வருடத்தில் எத்தனை நல்ல வரிகளை அவள் அப்படிப் பறிகொடுத்திருக்கிறாள்! இந்தத் தடவை அந்த இடத்தை அவர்களுக்கே விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். எட்டு செக்கன்.

விஜிதரன் ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டு செக்கன் சும்மா விட்டா மைக் பழுதாப் போச்செண்டு நினைப்பாங்க மிஸ்."

"நெனைக்க மாட்டாங்க சார். எங்க ஆளுங்க பேசுவாங்க. அதுக்கு எடம் விடலைன்னா, பொறகு வர்ற வரியும் சேந்து கெட்டுப்போகும்."

"சரி. ஆனா கம்பனி சொன்ன தகவல் ஒண்டும் விடுபடக்கூடாது. விருது, ஏற்றுமதி, எல்லாம் இருக்கோணும்."

எட்டு செக்கன் என்றால் பன்னிரண்டு சொல். தகவலில் கை வைக்க முடியாது. அலங்காரம் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி, பிரதியில் இல்லாமல், வெட்டும்போது அவளே எழுதிச் சேர்த்தது. "விடியலுக்கு முன்னே பனியைக் கிள்ளி, அந்திவரை பச்சையைக் கிள்ளி, உலகத்தின் காலையை எழுப்பும் விரல்கள் இவை." எண்ணிப் பார்த்தாள், சரியாகப் பன்னிரண்டு. அதை எழுதிய கையோடு நஸாரிடம் நாலு தரம் வாசித்துக் காட்டியிருந்தாள். வயிற்றெரிச்சலோடுதான் அந்த வரியை வெட்டினாள். மறுநாள் காலை, மழைக்கு முன்னால், ஒரே மூச்சில் பதிவு முடிந்தது. நாலு நிமிடத்துக்கு ஒரு இம்மி பிசகவில்லை.

திறப்பு விழாவன்று காலையில் விருந்தினர்களுக்கு ஆங்கிலப் படம் ஓடியது. பின்னேரம் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கியவர்களுக்குத் தமிழ்ப் படம். தோட்டத்து அதிகாரியான துரையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் முன் வரிசை. பெண்கள் கழுவிய கையும் நல்ல சேலையுமாகப் பின்னால். வினோதா நஸாரோடு கதவோரம் நின்றாள். விஜிதரனும் வந்திருந்தார்.

குரல் தொடங்கியது. தமிழ் கேட்டதும் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் கண்ணாலே பார்த்தாள். மலை வந்தது, மூடுபனி வந்தது. பிறகு முகங்கள் வந்தன, குரல் நின்றது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லயத்தில் கத்துவது வேறு, துரைக்குப் பின்னால் உட்கார்ந்து கத்துவது வேறு. இதை வினோதா யோசிக்கவே இல்லை. ஒரு முகம் போயிற்று. இரண்டு, மூன்று. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மண்டபம் சவம்போல் கிடந்தது. விஜிதரன் திரும்பி அவளைப் பார்த்தார். அநியாயமாக நல்ல வரியைக் கொன்றோமே என்று வினோதா நினைத்தாள்.

நாலாவது முகமும் போயிற்று. காளியாயியின் முகம் திரை முழுவதும் வந்தது.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. காளியாயி எழுந்து நின்றாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால்கூட முனகலாகப் பதில் சொல்கிறவள்.

"அது நாந்தான்!" என்றாள் உரக்க. "காளியாயி!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. "அதுக்கு முந்தி நானு!" என்றாள் ஒருத்தி. "நம்ம தனுஜாவப் பாத்தியா?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பும் கைதட்டுமாக மண்டபம் அதிர்ந்தது. துரை திரும்பிப் பார்த்துத் தானும் கை தட்டினார். எட்டு செக்கனோடு, காட்சி மாற்றத்துக்கு விட்ட மூச்சும் முடிந்ததும் வினோதாவின் குரல் ஆறுதலாக எழுந்தது. "கொழுந்து இப்போது ஆலைக்குள் வருகிறது." சத்தம் தானாக அடங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒரு சொல்லும் வீண் போகவில்லை.

விஜிதரன் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு அவர் முகமே தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

வெளியே தேநீரும் பனிசும் கொடுத்தார்கள். காளியாயி கோப்பையோடு மகளிடம் வந்தாள். எழுந்து கூவியபோது ஏறிய சிவப்பு முகத்தில் இன்னும் இருந்தது.

"நீ பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "நான் பேசுனது எப்புடி?"

"நேரம் தப்பாமப் பேசுனீங்கம்மா" என்றாள் வினோதா.