கெஜட் எழுதிய ஒரே ஒரு நல்ல மின்னஞ்சல்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கெஜட் என்று பெயர். அரசாங்க அறிவிப்பு மாதிரி எழுதுவார் என்பதால் வந்த பெயர். டீ மெஷின் பழுதானால்கூட, "மேற்படி இயந்திரம் இயங்காநிலையில் உள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்" என்று எழுதி மேலாளருக்கு ஒரு நகல் போடுவார். நான் சம்பளப் பிரிவு, அவருக்கு அடுத்த மேஜை. இத்தனை வருஷத்தில் அவர் எழுதியதில் ஒரு "நான்", ஒரு "நீ" பார்த்ததில்லை.

பேச்சில் அவர் அப்படி இல்லை. உதிரிப்பாகப் பிரிவில் அவருக்கு எதிரே ஆறடி என்று ஒருவர் இருந்தார். ஆள் குள்ளம், அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு பேரும் வாய்யா போய்யா என்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் டப்பாவில் இன்னொருத்தர் கை இருக்கும். கெஜட்டின் மனைவி இறந்தபோது பதினாறு நாளும் அந்த வீட்டு வேலைகளையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தவர் ஆறடிதான். பிள்ளைகள் இல்லாத வீடு அது.

போன வருஷம் ஆறடிக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் நடுவில் மின்னஞ்சல்தான். அங்கேதான் வந்தது வினை. ஆறடி அனுப்பவேண்டிய ஒரு சரக்குப் பட்டியல் தாமதமானபோது, கெஜட் தன் வழக்கப்படி, "பலமுறை நினைவூட்டியும் இதுவரை கிடைக்கப்பெறவில்லை" என்று எழுதி, அந்தக் கிளையின் மேலாளருக்கும் நகல் வைத்துவிட்டார். இவருக்கு அது மூச்சு விடுவது போலப் பழக்கம். அங்கே அதைப் புகார் என்றுதான் படிப்பார்கள். புது இடத்தில் போய்ச் சேர்ந்த மாதமே ஆறடியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதன்பின் அவரிடமிருந்து வந்த பதில்களெல்லாம் ஒரே வார்த்தை: "பெற்றுக்கொண்டேன்."

கெஜட்டுக்குத் தான் என்ன செய்தோம் என்றே புரியவில்லை. நான் சொல்லித்தான் புரிந்தது. அன்று சாப்பாட்டு டப்பாவை மேஜையிலேயே திறந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் நகல் போடுகிற மனிதருக்கு, சிநேகிதனிடம் ஒரு வார்த்தை நேராகச் சொல்லத் தெரியாதா?

இந்த வருஷ இறுதியில் கிடங்குச் சரக்கு எண்ண வேற்றுக் கிளையிலிருந்து ஆள் வரவேண்டும். சொந்தக் கிளைக்காரர்களே எண்ணினால் கணக்கு செல்லாது. இந்த முறை ஆறடியின் கிளை. கெஜட் காலையிலிருந்து கணினி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மதியம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார்.

"பொருள்: ஆண்டிறுதி இருப்புக் கணக்கெடுப்பு, தங்குமிடம் தொடர்பாக. ஐயா, மேற்படி பணியின் பொருட்டுத் தாங்கள் வருகை தரும்பட்சத்தில், எனது இல்லத்தில் ஒரு அறை காலியாக உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் முடிவை விரைந்து அறிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." அடியில் பெயர், பதவி, பிரிவு, எல்லாம். நகல்: மேலாளர்.

"சார், இது விருந்துக்குக் கூப்பிடற மாதிரியா இருக்கு? வீட்டை ஏலம் விடற மாதிரி இருக்கு" என்றேன். போன் பண்ணிச் சொல்லிவிடலாமே என்றும் கேட்டேன். பண்ணினாராம். ஒவ்வொரு தடவையும் ஆறடி, வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாராம்.

நான் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். என் உயிர் நண்பா என்று ஆரம்பித்து, உன் முகம் பார்க்க ஏங்குகிறேன் என்று போய், நடுவில் இரண்டு சிரிப்புப் பொம்மையும் வைத்தேன். கெஜட் படித்துவிட்டு, இதைப் பார்த்தால் நான் கடன் கேட்கப்போகிறேன் என்று அவன் பயந்துவிடுவான் என்றார். அவர் சொன்னது சரி. எழுதியது நான், அதில் அவர் எங்கேயும் இல்லை.

அதனால் நான் எழுதியதையெல்லாம் அழித்தேன். ஆறடி இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள், நான் தட்டுகிறேன் என்றேன். கெஜட் காலியாயிருந்த அந்த நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"யோவ், சரக்கு எண்ண நீதானே வர்ற? லாட்ஜுக்குப் போயிடாதே. நம்ம வீட்டுல தங்கு. அந்தப் பட்டியல் விஷயத்துல உன் மேனேஜருக்கு நகல் போட்டது என் முட்டாள்தனம், உன் மேல புகார் இல்லை. நீ குறட்டை விட்டாலும் பரவாயில்லை. வீட்டுல ஏதாவது ஒரு சத்தம் கேக்கட்டும்."

நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. எண்ணும் தேதியையும், பேருந்து நிலையத்துக்குத் தானே வந்து கூட்டிப்போவதாக அவர் சொன்னதையும் மட்டும் கடைசியில் சேர்த்தேன். பொருள் என்ற இடத்தில் "நம்ம வீட்டுல தங்கு" என்று போட்டேன். கீழே இருந்த பதவி, பிரிவு எல்லாவற்றையும் எடுத்தேன். சத்தம் கேக்கட்டும் என்ற வரியை அழித்துவிடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அழிக்கிறதானால் நீங்களே அழியுங்கள் என்று மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அந்த வரியைத் தொடவில்லை. மேலாளர் பெயரை நகலிலிருந்து நீக்கும்போதுதான் அவர் கை தயங்கியது. பிறகு அதையும் நீக்கி, அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அவர் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தமானவர், சத்தத்தை முழுக்க வைத்திருப்பார். எதிர்முனையில் ஆறடி பேசியது எனக்கும் கேட்டது. ஹலோகூடச் சொல்லவில்லை. "உடம்புக்கு என்னய்யா?" என்றார்.

கெஜட் விழித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றார்.

"பொய் சொல்லாதே. நீ இப்படியெல்லாம் எழுதற ஆளா? ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. டாக்டர் என்ன சொன்னார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கெஜட்டுக்கு வரவில்லை. "உடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் யாருமில்லை" என்றார்.

அந்தப் பக்கம் ஆறடியின் குரல் இறங்கிவிட்டது. இந்தக் கணக்கெடுப்புக்குத் தன் பெயரைத்தான் முதலில் போட்டார்களாம். நீ என் மேல் கோபமாக இருக்கிறாய், அங்கே வந்து உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று, தானே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். இன்னொரு ஆளுக்கு உத்தரவு போய்விட்டது, இனி மாற்ற மாட்டார்கள் என்றார்.

கெஜட் போனைக் காதிலேயே வைத்திருந்தார். வரச் சொல்ல இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. அவர் எப்போதும் செய்வதுபோல், "சரி, தகவலுக்கு நன்றி" என்று வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எண்ணறதுக்கு வரவேண்டாம். சும்மா வாய்யா" என்றார்.

ஆறடி என்ன சொன்னார் என்று இந்தமுறை எனக்குக் கேட்கவில்லை. கெஜட் போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பொறுக்காமல் கேட்டேன்.

"வர்றேன்னான்."

"எப்ப சார்?"

"கேக்கலைம்மா. தேதி கேட்டா ஆபீஸ் விஷயம் மாதிரி ஆயிடும்."