கலைக்காத கட்டு

"…கலைக்காம நீட்டினா திருட்டாமே! நாப்பது வருஷமா நான் ஆடுறது திருட்டு ஆட்டமா? எங்க வீட்ல, எங்க மேசையில, என் பையனுக்குப் பொண்ணு குடுக்க வந்த மனுஷன் என் கையைப் புடிப்பாரா? இப்பச் சொல்லுங்க முசியே. இந்தச் சம்பந்தம் வேணாம்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

கோரிமேட்டில் ஆஸ்பத்திரி வராந்தா. இரும்பு பெஞ்சில் என் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு சம்பந்தியாகப் போகிறவர் கேட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிற மனிதர், 'ஐயா' என்பதற்குப் பதில் யாரையும் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். வலது கை முட்டி பன்னு மாதிரி வீங்கியிருந்தது. சட்டையில் இருந்த ரத்தம் அவருடையது இல்லை, என்னுடையது. என் புருவத்துக்கு மேலே அப்போதுதான் நாலு தையல் போட்டிருந்தார்கள். உள்ளே என் அக்கா புருஷனுக்கு, அதாவது மாமாவுக்கு, மணிக்கட்டில் மாவுக்கட்டு நடந்துகொண்டிருந்தது.

 மாமா அவர் கையைப் பிடித்ததற்குக் காரணம் நான்.

என் அக்கா மகளும் அவர் மகனும் ரெண்டு வருஷமாக ஒருத்தரையொருத்தர் விரும்பினார்கள். பையனுக்கு பிரான்சில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், அங்கேயே தேதி குறித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார் சம்பந்தி. கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். "சாப்பிட்டதும் நாலு பேரா ஒரு பெலோத் ஆடலாம். சீட்டாட உக்காந்தா மனுஷன் எப்படின்னு அரை மணியில தெரிஞ்சிடும்."

இதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வாழ்க்கையில் சீட்டைத் தொட்டதே கிடையாது. பதினாலு வயதில் ஒருதரம் தொட்டதோடு சரி. அவர் அப்பா அந்த விரல்களைக் கதவிடுக்கில் வைத்து அடைத்தார். அதற்கப்புறம் சீட்டு ஆடுகிற இடத்தைத் தாண்டிப் போகும்போதும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

"மச்சான், நீதான்டா எனக்குக் கத்துக் குடுக்கணும். பொண்ணு வாழ்க்கைடா" என்றார்.

எனக்குத் தெரிந்தது ரம்மி. பெலோத் என்பது முப்பத்திரண்டு சீட்டு ஆட்டம், எதிரும் புதிருமாக உட்காருகிற ரெண்டு பேர் ஒரு கட்சி, எதில் எது பெரிய சீட்டு, இதெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்து ரெண்டு பேரும் கற்றுக்கொண்டோம். ஆனால் கலைக்கிறது, வெட்டுறது, போடுறது மட்டும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதில் நான் ராஜா என்று எனக்கே ஒரு நினைப்பு.

தட்டாஞ்சாவடியில் தகர மூடி அடிக்கிற பட்டறை. மாமா பிரஸ்ஸில், நான் பக்கத்து லேத்தில். மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் பள்ளிக்கூடம். முதல் நாள் எண்ணெய்க் கையோடு தொட்டு ஒரு புதுச் சீட்டுக்கட்டையே நாசம் பண்ணினார். சோப்பு போட்டுக் கழுவ வைத்தேன்.

"கட்டைச் சரிபாதியாப் பிரிங்க மாமா. ரெண்டு பாதியும் எதிரெதிரே, மூலைக்கு மூலை. கட்டை விரலால மூலையைத் தூக்கி ஒவ்வொண்ணா விடுங்க. ரெண்டு பக்கமும் மாறி மாறி விழணும், பல்லுல பல்லு கோக்குற மாதிரி."

அவர் விட்ட வேகத்தில் சீட்டெல்லாம் பறந்து என் குழம்பில் விழுந்தது.

"அடிக்காதீங்க மாமா. இது தகரம் இல்ல."

"என் கைக்கு அடிக்கத்தான் தெரியும்டா."

நாலாம் நாள் பல் கோத்தது. அடுத்து பாலம். கோத்த ரெண்டு பாதியையும் பிரியவிடாமல் பிடித்துக்கொண்டு, ரெண்டு கட்டை விரலையும் நடுவில் மேலே அழுத்தி, மற்ற விரல்களால் ரெண்டு முனையையும் உள்ளே நெருக்கினால் சீட்டுகள் வில் மாதிரி மேலே வளையும். பிறகு கட்டை விரலை எடுக்காமல் மற்ற விரல்களைத் தளர்த்த வேண்டும். சரசரவென்று ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். மாமாவுக்கு அது வெடித்தது. ஒரு சீட்டு நுனி கண்ணில் குத்தி ரெண்டு நாள் சிவப்பாகத் திரிந்தார். "கலியாணத்துக்கு மின்ன நீ குருடாயிடுவ போல" என்றாள் அக்கா. பத்தாம் நாள் பாலம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

போடுவதற்கும் சொல்லிக் கொடுத்தேன். கட்டை இடது கையில் தாழ்த்திப் பிடி, ஆள்காட்டி விரல் முன்னால் காவல். கட்டை விரலால் மேல் சீட்டைத் தள்ளி வலது கையால் எடுத்து, மேசையை உரசுகிற மாதிரி விடு, முகம் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. வெட்டுவது வலது பக்கத்து ஆள். முதல் சீட்டு இடது பக்கத்துக்கு.

கடைசியாக ஒன்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மாமா, எவனாவது கலைக்காமக் கட்டை நீட்டினா, அடுக்கி வச்சிருக்கான்னு அர்த்தம். அந்தக் கையை அங்கேயே புடிச்சிடணும்."

ஞாயிறு மத்தியானம். கறியும் மீனும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்தோம். மாமாவுக்கு எதிரே நான். மாமாவின் வலது பக்கம் சம்பந்தி, இடது பக்கம் அவர் தம்பி. முதல் போடுகை மாமாவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கட்டை எடுத்தார். பிரித்தார், கோத்தார், பாலம் போட்டார். சம்பந்தியின் தம்பி கை தட்டினார். "ஓ லா லா! காசினோவுல வேலையா சார்?" மாமாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். சமையல்கட்டு வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வெட்டுவதற்கு வலது பக்கம் சம்பந்திக்கு நீட்டினார்.

"அங்க இல்ல முசியே, எடது பக்கம். தம்பிதான் கூப்பே பண்ணணும்" என்று சிரித்தார் சம்பந்தி. அவர்கள் வழக்கில் கூப்பே என்றால் வெட்டு. "சீட்டு வலது பக்கமாத்தான் சுத்தும். எங்களுக்கு அப்படித்தான்."

மாமா என்னைப் பார்த்தார். எனக்கும் அது புதுசு. சரி என்று தலையாட்டினேன். வலது பக்கமாக மூன்று மூன்றும், பிறகு ரெண்டு ரெண்டும் போட்டார். ஆட்டம் நடந்தது, தோற்றோம். பரவாயில்லை. தேதி பற்றிப் பேச்சே எடுத்துவிட்டார் சம்பந்தி. "ஆவணியில வச்சிக்கலாமா?"

அடுத்த போடுகை சம்பந்தியுடையது. பிடித்த சீட்டுக் குவியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கலைக்கவில்லை. அப்படியே இடது பக்கம் மாமாவிடம் நீட்டினார். "கூப்பே."

மாமா அந்தக் கட்டையே பார்த்தார்.

"கலைங்க."

"கலைக்கிறதில்ல. வெட்டுங்க."

"கலைக்காத சீட்டை எதுக்கு வெட்டுறது?"

"மொத ஆட்டத்துக்கு மட்டுந்தான் கலைக்கிறது முசியே. அப்புறம் வெட்டுத்தான்."

"எந்த ஊர்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நான் சொல்லிக் கொடுத்தபடியே, அங்கேயே. "எங்களை என்ன கேனயன்னு நெனச்சியா? திருட்டு ஆட்டம் ஆடுறியா?"

சம்பந்தியின் தம்பி மாமாவின் கன்னத்தில் அறைந்தார். மாமா பிடியை விடாமலே காலால் மேசையை உதைத்தார். தட்டு, தம்ளர், சோடா பாட்டில் எல்லாம் சரிந்து உடைந்தது. சம்பந்தி பிடிபட்ட கையை முறுக்கி, மாமாவின் மணிக்கட்டை மடக்கி, மேசை விளிம்பில் ஓங்கி ஒரு அடி. காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற சத்தம்.   மாமா இடது கையால் நாற்காலியைத் தூக்கி வீசினார். அது தம்பியின் தோளில் பட்டுச் சுவரில் மோதிக் கால் ரெண்டாகப் போனது. நான் நடுவில் பாய்ந்தேன். மாமாவுக்கென்று வந்த சம்பந்தியின் குத்து என் புருவத்தில் இறங்கியது. ஒரு கண் சிவப்பாகிப் போனது. தரையில் கண்ணாடித் துண்டின்மேல் நானும் மாமாவும் சம்பந்தியும் புரண்டோம். யார் மயிர் யார் கையில் என்று தெரியவில்லை. பையன் வந்து அவன் அப்பாவின் இடுப்பைக் கட்டி இழுத்தான், அவனுக்கும் ஒரு முழங்கை கிடைத்தது.

அக்கா மகள் ஒரு குண்டான் தண்ணீரை எங்கள்மேல் கொட்டினாள்.

"ஆடி முடிச்சாச்சா? இன்னும் யாருக்காவது போடணுமா?"

 மாமாவின் கை மணிக்கட்டிலிருந்து வேறு திசையில் தொங்கியது. அவர் அதைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "அவன் கலைக்கலம்மா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"அது எங்க ஆட்டத்தோட சட்டம் மாமா" என்றான் பையன். உதடு கிழிந்து ரத்தம். "கலைச்சா தப்பு."

அப்போதுதான் மாமாவுக்கு முகம் செத்தது. எனக்கும்.

சம்பந்தி குனிந்து ஈரத்திலும் ரத்தத்திலும் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கார் சாவியை எடுத்தார். அவர் ஓட்ட, நானும் மாமாவும் பின்னால் உட்கார, கோரிமேட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததைத்தான் அந்தப் பெஞ்சில் கொட்டினார். சம்பந்தம் வேணாம்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா.

"ரெண்டு பேருமே சொல்ல வேணாம்" என்றேன். "கையைப் புடிக்கச் சொன்னது நான். அந்த மனுஷனுக்கு ஆட்டமே தெரியாது. பத்து நாளா உங்களுக்காகத்தான் கத்துக்கிட்டாரு. கண்ணைக்கூடக் குத்திக்கிட்டாரு. எங்க பக்கத்துல கலைக்காம நீட்டுறது, செருப்பைக் கழட்டிக் காட்டுற மாதிரி. உங்களுக்கு அது சட்டம்னு எனக்குத் தெரியாது. குத்தம் என்னுது. எனக்கு இன்னொரு குத்து போடுங்க, பொண்ணைத் தண்டிக்காதீங்க."

அவர் என் தையலைப் பார்த்தார். "இன்னொண்ணு போட எடம் ஏது?" என்றார்.

அந்த நேரம் மாமா வெளியே வந்தார். விரல் நுனி மட்டும் தெரிகிற மாவுக்கட்டு, கழுத்திலிருந்து கையைத் தாங்குகிற துணித் தொட்டில். எங்கள் எதிரே வந்து நின்றார், உட்காரவில்லை. "திருடன்னு சொல்லிட்டேன் சம்பந்தி. அந்த வார்த்தையை மட்டும் எப்படித் திருப்பி எடுக்குறதுன்னு தெரியல" என்றார்.

 சம்பந்தி சட்டைப் பையிலிருந்து அந்த ஈரச் சீட்டுக்கட்டை எடுத்தார். வீங்கின கையால் கலைக்க ஆரம்பித்தார். பாலம் எல்லாம் அவருக்கு வராது, சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ரெண்டு கீழே விழுந்தன. மாமா இடது கையால் பொறுக்கிக் கொடுத்தார். ஏழு தடவை கலைத்தார், எண்ணினேன். அப்புறம் பெஞ்சைவிட்டு எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, என் இடது பக்கம் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு வலது பக்கம் நான். எங்கள் ஆட்டத்தில் வெட்டுகிறவன் உட்காருகிற இடம். கட்டை என் முன்னால் வைத்து, கையை எடுத்துக்கொண்டார்.