கை தூக்கச் சொன்ன காலை

அல்வாலில் நான் மாணவர்களுக்கு மனநலக் கவுன்சிலராக இருக்கும் பள்ளியில், என் அறைக்கு வந்துபோனாலே ‘மெண்டல்’ என்று பட்டம் கட்டிவிடுவார்கள். ஒரு காலை அசெம்பிளியில் அதைப் பற்றியே பேசினேன். பரீட்சை பயமோ, தூக்கமின்மையோ, எதற்கும் வரலாம். என் கதவிலுள்ள பெட்டியில் சீட்டு போட்டால் போதும். சொல்வது மார்க் ஷீட்டில் ஏறாது, வகுப்பாசிரியருக்கும் போகாது. யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன், அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே.

இத்தனையும் சொல்லிவிட்டு, வாத்தியார் புத்தி, “யாரெல்லாம் வர்றீங்க? கை தூக்குங்க” என்றேன். மொத்தப் பள்ளியும் தரையைப் பார்த்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பின்வரிசையில், ஷூ பாலிஷ் இல்லாவிட்டால் ஓடவிடும் பி.டி. சார் கையைத் தூக்கினார். “புதன்கிழமை மூணாவது பீரியட் எனக்கு ஃப்ரீ மேடம். வரேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மதியம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவோரம் வந்து நின்றாள்.

“சாருக்கு அப்புறம் யாராச்சும் இருக்காங்களா மிஸ்?”

“இல்லம்மா.”

“அப்ப நான்.”

இருவரும் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். மைக்கில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.