காலை ஏழு மணிப் படம்

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் பதினோரு மஞ்சள் வயல்களுக்கு, எங்கள் பேச்சில் காடுகளுக்கு, பொதுவாக ஒரே கிணறு, நாளுக்கு ஒரு காட்டுக்குத்தான் தண்ணீர் பாயும். ட்ரோன் படங்களை ஒப்பிட்டு, அதிகம் வாடிய காடு முதலில் வரும்படி வரிசை போடுவது என் வேலை. பயிர் சீரில்லாமல் இடையில் மண் தெரிந்தால் முன்னால் போடுவேன். இலை விரிந்து மண்ணை மூடியிருந்தால் பின்னால்.

அன்று ஒரு அம்மாவின் காட்டைப் பத்தாவதாகப் போட்டிருந்தேன். பட்டியலைக் கேட்டதும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க சாமி, என்ற காடு மத்தியானமானா இலையெல்லாம் சுருட்டிக்குதுங்க. இன்னும் ஒம்பது நாள் தாங்குமுங்களா?”

“படத்துல நல்லாத்தானுங்க இருக்குது.”

“அப்ப மஞ்சளையும் படத்துலயே வெட்டிக்கறனுங்க.”

அவர் போன பிறகு படங்கள் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். பட்டியலின் கடைசி இரண்டு காடுகளையும் ட்ரோன் ஓட்டுபவர்கள் காலை ஏழு மணிக்கு எடுத்திருந்தார்கள். அதோடு பேட்டரி தீர்ந்து, மற்றவற்றை நண்பகலில் எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் போதாத மஞ்சள் வெயிலில் இலையைச் சுருட்டும், விடிவதற்குள் மறுபடி விரிக்கும். நான் காலையையும் நண்பகலையும் ஒப்பிட்டிருந்தேன்.

மறுநாள் நண்பகலில் எல்லாக் காடுகளையும் ஒருசேர எடுக்கச் செய்தேன். அந்த அம்மாவின் காடு முதலிடத்துக்கு வந்தது. உடனே தண்ணீரைத் திருப்பினோம். அடுத்த நாள் காலையிலும் மேட்டுப்பக்கம் மூன்று வரிசைகள் இலையை விரிக்கவில்லை. அந்த அம்மா இலை நுனியைக் கிள்ளிப் பார்த்தார்.

முந்தைய பட்டியல்களின் படங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எடுத்த நேரத்தைப் பார்க்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.